58-ஆம் பக்கத்துக் கடை

நாகப்பட்டினத்திலிருந்து அந்தப் பெண் வந்திருந்தாள். பி.ஆர்க். முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலை கேட்டு வரவில்லை. சென்னையிலும் கோவையிலும் உள்ள அலுவலகங்களுக்கு அனுப்புவதற்கு முன் தன் போர்ட்ஃபோலியோவை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். திருச்சியில் என் அலுவலகம் சின்னது. ஆனாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு புதுப் பட்டதாரிகளைச் சேர்ப்போம் என்பதால், இப்படிப்பட்ட தொகுப்புகள் மே, ஜூனில் மேசையில் குவிந்து கிடக்கும்.

போர்ட்ஃபோலியோ என்பது கட்டடக்கலை மாணவர் ஐந்து வருடத்தில் வரைந்தவற்றிலிருந்து எடுத்துக் கட்டும் தொகுப்பு. இந்தத் துறையில் மதிப்பெண் பட்டியலை யாரும் அதிகம் பார்ப்பதில்லை. இதைத்தான் பார்ப்பார்கள். பத்து செமஸ்டர், அதில் ஒன்று அலுவலகப் பயிற்சி, கடைசியில் தீசிஸ். பெரும்பாலான செமஸ்டர்களில் ஸ்டூடியோவுக்கென்று குறைந்தது ஒரு கட்டடமாவது வடிவமைத்திருப்பார்கள். ஆகவே பொருளுக்குப் பஞ்சமில்லை. எதை விடுவது என்பதில்தான் தடுமாறுவார்கள்.

அவள் கொண்டுவந்தது 62 பக்கம், 11 வேலைகள். முதலாண்டில் தொடங்கி வருட வரிசையில் அடுக்கியிருந்தாள். புள்ளி, கோடு, தளம் என்று முதல் செமஸ்டர் பயிற்சிகள், பிறகு காகிதத்தில் மடித்த வடிவங்கள், கருப்பு மையில் மரங்கள். முதல் கட்டடத்தைப் பார்க்க நான் ஒன்பதாம் பக்கம் வரை போகவேண்டியிருந்தது.

“நாற்பது பேர் அனுப்பின நாள்ல, ஒன்பதாம் பக்கம் வரைக்கும் வருவாங்கன்னு நினைக்கிறியாம்மா?”

“எப்படி வளர்ந்து வந்தேன்னு தெரியணும்னு அப்படி வெச்சேன் சார்.”

வளர்ச்சியைப் பார்த்து மகிழ்வது ஆசிரியரின் பாக்கியம். வேலை கொடுப்பவர் பார்ப்பது வேறு. வருகிற திங்கட்கிழமை இந்தப் பெண்ணை ஒரு மேசையில் உட்கார வைத்தால் எதைக் கையில் கொடுக்கலாம் என்று பார்க்கிறார். வருட வரிசை அவருக்கு முதலில் காட்டுவது அவளுடைய 18 வயதுக் கையை. அது நல்ல கையாகவே இருந்தாலும் அவருக்கு அதனால் பயனில்லை.

பக்கங்களைக் கழற்றித் தரையில் பரப்பினோம். திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரியாது. தரையில் விரித்தால் உடனே கண்ணில் படும். மூன்று வேலைகள் ஒரே மாதிரி இருந்தன: கடற்கரை விடுதி, அருங்காட்சியகம், போட்டி ஒன்றுக்கு நான்கு பேர் சேர்ந்து செய்த பண்பாட்டு மையம். மூன்றிலும் வளைந்த கூரை, மாலை நேரத்து வானம், தண்ணீரில் விழும் நிழல்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி கேட்டேன். இதில் சிக்கல் என்ன, அதற்கு நீ எடுத்த முடிவு என்ன, ஒரு வாக்கியத்தில் சொல். பள்ளிக்கூடத்துக்குத் தயங்காமல் சொன்னாள்: “வகுப்பறையோட ரெண்டு பக்கமும் காத்து வரணும் சார். அதனால வராந்தாக் கூரைய வகுப்பறைக் கூரைக்குக் கீழ இறக்கி, மேல வெண்டிலேட்டர் வெச்சேன்.” அந்தப் பதில் செக்‌ஷனில் அப்படியே தெரிந்தது. கடற்கரை விடுதிக்கு, “அலை மாதிரி ஒரு ஃபார்ம் சார்” என்றாள். அருங்காட்சியகத்துக்கும் ஏறக்குறைய அதே பதில். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பதில் வரவேயில்லை. வெளிநோயாளிகள் நிற்கும் வழியும் பிரசவத்துக்கு வருபவர்கள் போகும் வழியும் ஒரே நடையில் கலந்து கிடந்தன. அதை அவளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிவு என்று ஒன்று சொல்ல முடியாத வேலையை நேர்காணலில் காப்பாற்ற முடியாது. விடுதி, அருங்காட்சியகம், சுகாதார நிலையம் மூன்றையும் எடுத்து வைத்தோம். முதலாண்டுப் பயிற்சிகளும் போயின.

கூட்டு வேலைகள் மீதி இருந்தன. போட்டிக்குச் செய்த பண்பாட்டு மையத்தில் அவள் பங்கு என்ன என்று கேட்டேன். தாள்களை அடுக்கியதும் ரெண்டர் செய்ததும் அவள். வடிவமைப்பு மற்ற இருவருடையது. சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் எட்டுப் பேர் சேர்ந்து செய்த நகர வடிவமைப்பில் அவள் எடுத்தது புகைப்படங்களும் கடைக் கணக்கெடுப்பும். இரண்டையும் விடச் சொன்னேன். அந்த வேலைகள் மோசம் என்பதால் அல்ல. ஒரே கூட்டுத் திட்டத்தின் ஒரே படத்தை மூன்று வெவ்வேறு மாணவர்கள் ஒரே வாரத்தில் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூவரும் தன் வடிவமைப்பு என்றே எழுதியிருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரையும் நான் நம்ப முடியாமல் போனது.

செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பன்னிரண்டு பேர் அளந்து வரைந்த ஆவணம் மட்டும் வேறு கதை. பதினொரு பக்கம் வைத்திருந்தாள். ஊர் வரலாறு, தெரு வரைபடம், ஆத்தங்குடி ஓட்டின் படங்கள். அவள் தன் கையால் அளந்து வரைந்தது எது என்று கேட்டபோது இரண்டு தாள்களை எடுத்தாள். முகப்பிலிருந்து வளவைக் கடந்து இரண்டாம் கட்டு வரை போகும் ஒரு நீளச் செக்‌ஷன், வளவைச் சுற்றிய தாழ்வாரத் தூணின் போதிகை விவரம். அருமையான கோடு. மழைநீர் ஓட்டிலிருந்து முற்றத்தில் விழுந்து எந்த மூலையில் வெளியேறுகிறது என்பது வரை வரைந்திருந்தாள். அந்த இரண்டு தாள் போதும். “12 பேர் கொண்ட குழுவின் ஆவணம், இந்த இரண்டு வரைபடங்கள் என்னுடையவை” என்று கீழே ஒரு வரி. மீதி ஒன்பது பக்கம் வெளியே.

குடியிருப்புத் திட்டத்துக்கு வந்தோம். நான்காம் ஆண்டு வேலை, 120 வீடுகள். இதை அவள் தயங்காமல் வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். கார் நிறுத்தம், லிஃப்ட், தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதை எல்லாம் இருந்தன. பெரிய அலுவலகங்கள் தேடுவது இதைத்தான். அப்புறம் மாடிப்படியை எண்ணினேன்.

கட்டடம் தெரிந்த எவரும் மாணவர் பிளானில் முதலில் எண்ணிப் பார்ப்பது படிகளைத்தான். மாடிக்கு மாடி உயரம் 3 மீட்டர். பிளானில் 14 படிகள். வகுத்தால் ஒரு படிக்கு 21 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. பாட்டி ஏற மாட்டாள். 18 படிகள் வைத்தால் ஒன்று பதினாறரைக்குச் சற்று மேல், அது வசதியான உயரம். ஆனால் நான்கு படி கூடினால் படிக்கட்டின் நீளமும் கூடும், பக்கத்து வீட்டின் அடுக்களை அந்த அளவுக்குச் சுருங்கும். அப்படிச் சுருங்கினால் அடுக்களை ஜன்னல் தள்ளிப்போகும். இந்த ஒரு எண்ணிக்கை 120 வீடுகளையும் தொடுகிறது. ஜூரியில் யாரும் இதைக் கேட்கவில்லையாம்.

“அப்ப இதையும் எடுத்துடவா சார்?” குரல் இறங்கியிருந்தது.

வேண்டாம் என்றேன். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத தவறும் திருத்தக்கூடியதுதான். ஜூரி முடிந்ததும் வேலை உறைந்துபோய்விட்டது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். திருத்தி வரைவதில் எந்தப் பொய்யும் இல்லை, திருத்தியதாக எழுதிவிட்டால். எடுக்கவேண்டிய வேலைக்கும் திருத்தவேண்டிய வேலைக்கும் வேறுபாடு இதுதான்: சுகாதார நிலையத்தில் அடிப்படை ஏற்பாடே தவறு, அதைத் திருத்துவது புதிதாகச் செய்வதற்குச் சமம். குடியிருப்பில் ஏற்பாடு நன்றாக இருக்கிறது, ஒரு உறுப்பு தவறு. ஒரு வாரம் ஆகும். தூண்கள் கீழ்த்தளத்துக் கார் பாதையில் வந்து விழுகின்றனவா, பிளானில் செக்‌ஷன் வெட்டிய கோடு போகும் வழியில் உள்ள ஜன்னல்கள்தான் செக்‌ஷனிலும் தெரிகின்றனவா என்றும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். இந்த மூன்றும் சரியாக இருந்தால், பார்ப்பவர் மீதியை நம்பத் தொடங்குவார்.

பயிற்சி செமஸ்டரில் செய்த வேலை வழிகாட்டியின் சொல்படி ஒரே பக்கத்தில் ஒப்புக்கு இருந்தது. கழிப்பறை விவர வரைபடம், கதவு ஜன்னல் அட்டவணை. “இது நான் டிசைன் பண்ணல சார், வரைஞ்சதுதான்” என்றாள். ஆனால் புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆறு மாதம் தரப்படுவது இந்த வேலைதான். ஓட்டின் தடிமன், தரைச் சரிவு, குழாய் போகும் இடம் எல்லாம் அதில் சரியாக இருந்தன. இரண்டு பக்கமாக ஆக்கச் சொன்னேன். ஒரு நிபந்தனை உண்டு. அந்த வரைபடங்கள் அலுவலகத்துக்குச் சொந்தம். கேட்டு, மின்னஞ்சலில் அனுமதி வாங்கி, வீட்டுக்காரர் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுத்தான் வைக்கவேண்டும். கேட்காமல் வைத்தவரைப் பார்த்தால், நாளை என் வரைபடமும் இப்படித்தான் வெளியே போகும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தீசிஸ் 22 பக்கம். நாகையில் மீன் இறங்குதளமும் சந்தையும். அதில் 14 பக்கம் ஆய்வு: ஊரின் வரைபடம், வெயில், காற்று, மற்ற ஊர்ச் சந்தைகள். அவள் பிறந்த ஊர் என்பதால் எல்லாமே முக்கியமாகப் பட்டிருக்கிறது. பல ஏக்கர் நிலத்தில் ஏலக்கூடம், ஐஸ் கிடங்கு, வலை பின்னும் கூடம், உணவகம், படகு பழுது பார்க்குமிடம் என எட்டுக் கட்டடங்கள். தீசிஸில் எப்போதும் நடப்பது இது. நேரம் போதாமல் ஏழு கட்டடங்கள் வெறும் பெட்டிகளாக நின்றன. ஏலக்கூடம் மட்டும் முழுசாக யோசிக்கப்பட்டிருந்தது. விடிவதற்கு முன்பே கூட்டம் சேரும் இடம். கூடைத் தண்ணீரும் ஐஸ் உருகும் தண்ணீரும் தரை முழுக்க. பெண்கள் உட்கார்ந்து விற்கும் மேடை அதிலிருந்து எவ்வளவு உயரவேண்டும், தரை எந்தப் பக்கம் சரியவேண்டும், கழுவிய நீர் கடலுக்குப் போகாமல் எங்கே தேங்கிச் சுத்தமாகவேண்டும் என்று ஒரே செக்‌ஷனில் சொல்லியிருந்தாள். அவள் அம்மாவின் தங்கை அங்கே கூடை வைத்து விற்பவர் என்று பிறகு சொன்னாள்.

தீசிஸைச் சுருக்கக் கூடாது என்று ஒரு பயம் உண்டு. கல்லூரிக்குக் கொடுத்த புத்தகம் அப்படியே இருக்கட்டும். போர்ட்ஃபோலியோவுக்கு ஏலக்கூடம் போதும், எட்டுப் பக்கம். நில வரைபடத்தில் மற்ற ஏழையும் சாம்பல் நிறத்தில் காட்டிவிட்டு இதற்குள் இறங்கிவிடலாம். ஆய்வுக்கு ஒரு பக்கம், அதிலும் முடிவை மாற்றிய தகவல் மட்டும்.

அப்போதுதான் 58-ஆம் பக்கம் கண்ணில் பட்டது. “இதர வேலைகள்” என்ற தலைப்பின் கீழ், புகைப்படங்களுக்கும் பென்சில் ஓவியங்களுக்கும் நடுவே, தபால்தலை அளவுக்கு இரண்டு படங்கள். கும்பகோணத்தில் அவள் மாமாவின் பித்தளைப் பாத்திரக் கடை. பத்தடி அகலம், பதினெட்டடி ஆழம். விடுமுறையில் அவள் வரைந்து, தச்சரை வைத்துக் கட்டி முடித்தது. அதுவும் கல்லூரி வேலை இல்லை, ரெண்டர் இல்லை, மொபைலில் எடுத்த படம் என்பதால் ஒதுக்கியிருந்தாள்.

“வேலை நடக்கும்போது ஏதாவது தப்பாச்சா?”

கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். வாசலுக்கு மேலே முழு அகலத்துக்குப் பரண் வரைந்து, அதில் பெரிய அண்டாக்களை வரிசையாக வைப்பதாகத் திட்டம். தச்சர் வந்து அளந்துவிட்டு, ஷட்டர் சுருள்வதற்கு இடம் எங்கே என்று கேட்டிருக்கிறார். ரோலிங் ஷட்டர் மேலே ஏறும்போது வாசலுக்கு மேல் உருளையாகச் சுருளும். அதன் பெட்டிக்கு ஒன்றேகால், ஒன்றரை அடி வேண்டும். அவள் வரைந்த பரண் அதன் மேலேயே முட்டியது. அன்றிரவே பரணை ஒன்றரை அடி உள்ளே தள்ளி, பெட்டியைப் பழுது பார்க்கப் பலகையைக் கழற்றும்படி மாற்றி வரைந்திருக்கிறாள். பரண் சிறியதானதால் அண்டாக்களைக் கீழே வைத்து, சின்னச் சொம்புகளை மேலே ஏற்றினாள். மாமாவுக்கு அதுவே பிடித்துப் போயிற்றாம். அண்டா வாங்க வருபவர் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

முதலில் வரைந்தது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. தச்சர் பென்சிலால் கோடு கிழித்த தாளும் இருந்தது. நான்கு பக்கம் கொடு என்றேன். முதல் வரைபடம், தச்சரின் கோட்டோடு அந்தத் தாள், மாற்றிய வரைபடம், கட்டிய கடை. செலவுக் கணக்கையும் ஓரத்தில் போடச் சொன்னேன்.

ஆக எத்தனை? ஆறு. நான்கு முழு வேலைகள்: ஏலக்கூடம் 8 பக்கம், பள்ளி 5, குடியிருப்பு 5, கடை 4. இரண்டு குறு வேலைகள்: செட்டிநாட்டு வீடு 2, பயிற்சி வரைபடங்கள் 2. அட்டையும், தன்விவரத்தோடு சேர்ந்த பொருளடக்கமும் இரண்டு பக்கம். மொத்தம் 28. எண்ணை முதலில் முடிவு செய்து வேலைகளைத் தேடவில்லை. ஒவ்வொன்றும் மற்றது சொல்லாத ஒன்றைச் சொல்கிறதா என்று பார்த்து நிறுத்திய இடம் அது. ஏழாவது ஒன்றைச் சேர்த்தால் எதைப் புதிதாகச் சொல்லும் என்று கேட்டபோது இருவருக்கும் பதில் வரவில்லை.

வரிசையில்தான் கருத்து வேறுபட்டது. பள்ளிக்கூடத்தை முதலில் வைக்க நான் நினைத்தேன். சின்னது, குறையில்லாதது, பார்த்தவுடன் புரிவது. அவள் ஏலக்கூடத்தைச் சொன்னாள்: “இதைப் பத்திக் கேட்டா நான் ஒரு மணி நேரம் பேசுவேன் சார்.” அவள் சொன்னதுதான் சரி. முதல் வேலை, நேர்காணலில் முதல் கேள்வியைத் தீர்மானிக்கிறது. பேச்சு அங்கே சூடு பிடித்துவிட்டால் அடுத்தவை தானாக நகரும். இரண்டாவது பள்ளி. மூன்றாவது குடியிருப்பு, திருத்திய பிறகு. குழு வேலையும் பயிற்சி வரைபடமும் அடுத்து, கடைசியில் கடை. புரட்டி முடித்தபின் மேசையில் திறந்தபடி கிடப்பது கடைசிப் பக்கம்தான். கல்லூரிக்குள்ளேயே முடிந்துவிடாத ஒரு வேலை அங்கே இருப்பது நல்லது. வலுவில் இரண்டாவதைக் கடைசியில் வை என்று எனக்குக் கற்றுத்தந்தவர்கள் சொன்னதும் இதனால்தான்.

இந்த வரிசை எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தாது. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினால் செட்டிநாட்டுச் செக்‌ஷன் முதலில் வரும், குடியிருப்பு விடுபடும். அடுக்குமாடிகளைக் கட்டும் பெரிய அலுவலகத்துக்குக் குடியிருப்பு முதலில், அடுத்து பயிற்சி வரைபடங்கள். கடை மட்டும் எல்லாவற்றிலும் கடைசியில் நிற்கட்டும். அதோடு, மின்னஞ்சலில் 28 பக்கத்தையும் அனுப்பத் தேவையில்லை. ஏலக்கூடத்திலிருந்து நான்கு, பயிற்சி வரைபடம் இரண்டு, கடை நான்கு என்று பத்துப் பக்கம் போதும். முழுத் தொகுப்பை நேரில் அழைக்கும்போது எடுத்துப் போகலாம். கோப்பின் பெயர் `Portfolio_Final.pdf` என்றிருந்தது. அப்படி ஏற்கெனவே என் கணினியில் பல கிடக்கின்றன. அவள் பெயரும் ஊரும் வருடமும் இருக்கட்டும்.

ஒவ்வொரு வேலைக்குள்ளும் வரிசை உண்டு. பெரும்பாலோர் நான்கு பக்கம் வெயில், காற்று, சாலை என்று காட்டிவிட்டுத்தான் கட்டடத்துக்கு வருகிறார்கள். சிக்கலைச் சொல்லும் ஒரு வரைபடம் முதலில் வரவேண்டும். அடுத்த விரிப்பில் பிளானும் செக்‌ஷனும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில். பிறகு ஒரு விவரம். ரெண்டர் இருந்தால் அதற்குப் பின்.

ஜூரிக்கு ஒட்டிய ஏ1 தாள்களை அப்படியே சுருக்கி ஏ4-இல் போட்டிருந்தாள். நீளம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இரண்டரை மில்லிமீட்டர் எழுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடும், யாரும் படிக்க முடியாது. “1:100” என்று எழுதியிருந்ததும் சுருங்கிய கணமே பொய்யாகிவிட்டது. எண்ணுக்குப் பதில் அளவுக்கோடு போட்டால், தாளோடு சேர்ந்து அதுவும் சுருங்கும், என்றும் சரியாக இருக்கும். ஆக, தேர்ந்தெடுத்தது பாதி வேலைதான். ஆறு வேலைகளையும் இந்தச் சிறிய தாளுக்காக மறுபடி வரையவேண்டும். அதற்கு மூன்று வாரம் கேட்டாள்.

சாயங்காலம் பக்கங்களைச் சேர்த்துக் கட்டும்போது, ஒதுக்கிய ஐந்தையும் தனியாக ஒரு கட்டாகக் கட்டினாள். சுகாதார நிலையத்தை மட்டும் அந்தக் கட்டில் வைக்காமல் மேலே வைத்திருந்தாள். அந்த நடைவழியைப் பிரித்துப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். போர்ட்ஃபோலியோவில் சேர்ப்பதற்கா என்று கேட்டேன்.

“இல்ல சார். அது அப்படியே இருக்கக் கூடாது.”